இரட்டை வால் கொண்ட கோப்புகள்: tar, gzip, xz, zstd

லினக்ஸ் சார்ந்த மென்பொருள்களின் மூலநிரலைப் பதிவிறக்கும்போது, கோப்பின் பெயர் `.tar.gz` என்றோ `.tar.xz` என்றோ `.tar.zst` என்றோ இரட்டை வாலோடு முடிவதைக் காண்கிறோம். அந்த இரண்டு வால்களும் இரண்டு தனி வேலைகளைக் குறிக்கின்றன. பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டுவது tar செய்யும் வேலை. கட்டிய அந்த ஒரே கோப்பைச் சிறிதாக்குவது gzip, xz, zstd ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று செய்யும் வேலை. tar தானாக ஒரு பைட்டைக்கூடச் சுருக்குவதில்லை என்பது மட்டுமன்று, பெரும்பாலும் அளவைச் சற்றுக் கூட்டியே தருகிறது.

1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த tar, காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதுவதற்காக உருவானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு ஒன்றை அது எழுதும். கோப்பின் பெயர், உரிமையாளர், அனுமதிகள், அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் ஆகியவை அதில் இருக்கும். அதன்பின் கோப்பின் உள்ளடக்கம் வரும். அது 512இன் மடங்காக முடியாவிட்டால், மீதி இடம் சுழியங்களால் நிரப்பப்படும். ஆகவே ஒரே ஒரு பைட் கொண்ட கோப்பு tar கட்டுக்குள் 1,024 பைட் பிடிக்கும். அப்படிப்பட்ட ஆயிரம் கோப்புகளைக் கட்டினால், ஆயிரம் பைட் உள்ளடக்கத்துக்குப் பத்து லட்சம் பைட்டுக்கும் மேற்பட்ட கட்டு கிடைக்கும். இது வீணாகத் தோன்றினாலும், அந்தச் சுழியங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான தலைப்புகளும் அடுத்து வரும் சுருக்கு நிரலுக்கு மிக எளிதாகக் கரைந்துபோகும் பொருள்களே.

இந்த ஏற்பாட்டினால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. சுருக்கு நிரலுக்குக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெரியாது. அதன் முன் ஓடுவது நீளமான ஒரே பைட் ஓட்டம். zip வடிவம் இதற்கு மாறாக ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்குவதால், அதில் நடுவிலுள்ள ஒரு கோப்பை மட்டும் உடனே எடுக்க இயலும். ஆனால் ஒரு கோப்பு மற்றொன்றை ஒத்திருப்பதால் வரக்கூடிய சேமிப்பு அதற்குக் கிட்டாது. tar கட்டில் அந்தச் சேமிப்பு கிட்டும். எவ்வளவு கிட்டும் என்பது சுருக்கு நிரல் எவ்வளவு தூரம் திரும்பிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த மூன்று நிரல்களுக்கும் இடையிலான வேறுபாடுகளில் அறிந்துகொள்ள மிகவும் தகுந்தது இதுவே என்று கருதுகிறேன்.

மூன்றும் ஒரே வேரிலிருந்து வளர்ந்தவை. 1977இல் ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகிய இருவரும் முன்வைத்த முறையின்படி, இப்போது வரும் பைட் வரிசை முன்பே வந்திருந்தால், அதை மறுபடி எழுதாமல், 'இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதினால் போதும். எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்ற எல்லையைச் சாளரம் என்கிறார்கள். ஜான்-லூப் கெய்லியும் மார்க் ஆட்லரும் 1992இல் வெளியிட்ட gzip பயன்படுத்தும் வடிவத்தில் இந்தச் சாளரம் 32 கிலோபைட். என்ன நிலையில் ஓட்டினாலும் அது மாறாது. அக்கால நினைவகத்துக்கு அது நியாயமான அளவுதான். xz இயல்பு நிலையில் 8 மெகாபைட் வரையும், `-9` நிலையில் 64 மெகாபைட் வரையும் திரும்பிப் பார்க்கும். zstd தன் இயல்பான மூன்றாம் நிலையில் 2 மெகாபைட் பார்க்கும். `--long=27` என்று சேர்த்தால் 128 மெகாபைட் வரை நீளும்.

இதை யாரும் தம் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். தற்செயல் எண்களாலான 100 மெகாபைட் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதன் நகலையும் சேர்த்துக் கட்டுவோம். தற்செயல் எண்களைத் தனியே எந்த நிரலாலும் சுருக்க முடியாது என்பதால், இங்கே கிடைக்கும் சேமிப்பு முழுவதும் நகலைக் கண்டுபிடித்ததால் மட்டுமே வந்திருக்க முடியும்.

```
head -c 100M /dev/urandom > a.bin
cp a.bin b.bin
tar -cf ab.tar a.bin b.bin
gzip -k ab.tar
xz -k ab.tar
zstd ab.tar
zstd --long=27 ab.tar -o ab-long.tar.zst
ls -l ab*
```

முதல் மூன்று சுருக்கங்களும் ஏறத்தாழ 200 மெகாபைட்டிலேயே நிற்கும். நான்காவது மட்டும் ஏறத்தாழ 100 மெகாபைட்டாகக் குறையும். `b.bin` கோப்பின் முதல் பைட்டுக்கும் `a.bin` கோப்பின் முதல் பைட்டுக்கும் இடையே 100 மெகாபைட்டும் ஒரு தலைப்பும் கிடக்கின்றன; 32 கிலோபைட், 8 மெகாபைட், 2 மெகாபைட் ஆகிய சாளரங்கள் எவற்றுக்கும் அது எட்டாது, 128 மெகாபைட்டுக்கு எட்டும். xz நிரலிலும் சாளரத்தைக் கையால் பெரிதாக்கலாம். ஆனால் சுருக்கும்போது அது சாளரத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் நினைவகம் கேட்கும். `-9` நிலையிலேயே 64 மெகாபைட் சாளரத்துக்கு ஏறத்தாழ 674 மெகாபைட் தேவைப்படுகிறது.

தரவுத்தளத்தின் அன்றாட நகல்களை ஒரே கட்டில் வைப்பவர்களுக்கும் மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமங்களைச் சேமிப்பவர்களுக்கும் இந்தச் சோதனை நேரடியாகப் பொருந்தும். பெரிய கோப்புகளுக்கிடையே ஒற்றுமை இருக்கிறது, ஆனால் அந்த ஒற்றுமை தொலைவில் இருக்கிறது. இத்தகைய இடங்களில் சுருக்க நிலையை ஆறிலிருந்து ஒன்பதுக்கு உயர்த்துவதைவிடச் சாளரத்தை நீட்டுவதே பலன் தரும். சிறிய உரைக் கோப்புகளாக இருந்தால், ஒத்தவற்றை அருகருகே கட்டுவதே gzip நிரலுக்குக்கூட உதவிசெய்யும்.

சாளரத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். லினக்ஸ் கருவின் அண்மைப் பதிப்பு ஒன்றின் மூலநிரல் விரிந்த நிலையில் ஒரு கிகாபைட்டுக்கும் மேல் இருக்கும். இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்து ஒரே கட்டில் வைத்தால், ஒத்த கோப்புகளுக்கு இடையிலான தொலைவும் அதே அளவாகிவிடும். அப்போது `--long=31` என்று 2 கிகாபைட் சாளரம் கேட்கவேண்டும். அப்படிச் சுருக்கிய கோப்பை வேறொருவர் சாதாரணமாக விரிக்க முயன்றால், zstd சாளரம் அனுமதித்த அளவைத் தாண்டுகிறது என்று சொல்லி மறுத்துவிடும், ஏனெனில் விரிக்கும் பக்கம் இயல்பாக 128 மெகாபைட்டுக்கு மேல் ஒதுக்குவதில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அஞ்சுவது இந்த இடத்தில்தான். விரிக்கும்போதும் `--long=31` கொடுத்து, அந்த அளவு நினைவகமும் இருந்தால், கோப்பு முழுமையாக வந்துவிடும்.

சாளரத்துக்கு அடுத்தபடி வேறுபடுவது, கண்டெடுத்த குறிப்புகளைப் பிட்டுகளாக எழுதும் முறை. gzip ஹஃப்மன் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட்டுகள், அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட்டுகள், ஆனால் எப்போதும் முழு எண்ணிக்கையில். இகோர் பாவ்லோவின் எல்இசட்எம்ஏ முறையை அடிப்படையாகக் கொண்ட xz, ஒவ்வொரு பிட்டுக்கும் அதன் சூழலைப் பார்த்து நிகழ்தகவைக் கணித்து, பிட்டின் பின்னத்தைக்கூட வீணாக்காமல் எழுதுகிறது. அளவைச் சிறிதாக்குவதில் அதை வெல்வது கடினம். ஆனால் விரிக்கும்போது ஒரு பிட்டை அறிந்த பின்னரே அடுத்த பிட்டைக் கணிக்க இயலும் என்பதால், இன்றைய செயலிகளின் வேகம் அங்கே வரிசையில் காத்துக் கிடக்கிறது. பேஸ்புக்கில் யான் கொலே உருவாக்கி 2016இல் 1.0 பதிப்பாக வந்த zstd, யாரெக் டூடாவின் ஆய்விலிருந்து பிறந்த முறையைக் கையாண்டு, அட்டவணையைப் பார்த்தே விடையை எடுக்கிறது. பின்னத்தின் பலனும் பெருமளவு கிடைக்கிறது, விரிக்கும் வேகமும் குறைவதில்லை. எந்த நிலையில் சுருக்கியிருந்தாலும் விரிக்கும் வேகம் அவ்வளவாக மாறாது என்பது இதன் தனிச்சிறப்பு.

இதன் பொருள் என்ன என்பதை ஆர்ச் லினக்ஸ் காட்டியது. தன் மென்பொருள் தொகுப்புகளை xz வடிவிலிருந்து zstd வடிவின் இருபதாம் நிலைக்கு அது மாற்றி, 2020 ஜனவரியில் அறிவித்தபோது, எல்லாத் தொகுப்புகளின் மொத்த அளவு ஏறத்தாழ 0.8 விழுக்காடு கூடியது. விரிக்கும் வேகமோ ஏறத்தாழ 1,300 விழுக்காடு உயர்ந்தது. ஒரு தொகுப்பைச் சுருக்குபவர் ஒருவர், ஒரே முறை. விரிப்பவர்கள் எத்தனையோ பேர், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும். நூறு மெகாபைட்டுக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான கூடுதல் என்பது அந்தப் பேரத்தில் மிக மலிவான விலை.

ஆகவே புதிதாகத் தொடங்கும் காப்புப்பிரதிகளுக்கும் அன்றாடப் பரிமாற்றங்களுக்கும் zstd நிரலையே தேர்வேன். ஒருமுறை சுருக்கி, பலர் பதிவிறக்கி, ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறை விரிக்கும் மூலநிரல் வெளியீடுகளில், பதிவிறக்கும் அளவுதான் விலையென்றால், xz இன்னும் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறது. பெறுபவரின் கணினியில் என்ன இருக்கும் என்று தெரியாதபோது gzip போதும். பழைய வழங்கியிலும் சிறிய திசைவியிலும்கூட அது விரியும். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படங்களும் காணொளிகளும் மட்டுமே உள்ள அடைவுக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். வெறும் tar போதும், நேரமாவது மிஞ்சும்.

வெறும் tar கட்டுக்கு வேறொரு நன்மையும் உண்டு. நடுவில் சில பைட்டுகள் கெட்டுப்போனால், பாதிக்கப்பட்ட கோப்பைத் தவிர மற்றவை பெரும்பாலும் பிழைக்கும். `.tar.gz` கோப்பில் அதே பழுது ஏற்பட்டால், பின்வரும் குறிப்புகள் எல்லாம் முன்னால் வந்ததைச் சார்ந்திருப்பதால், அந்த இடத்துக்குப் பின்னால் உள்ளவற்றை மீட்பது மிகக் கடினம். அதனால் சரிபார்ப்புத் தொகையைக் கொண்டு கோப்பைச் சோதிக்கும் `gzip -t`, `xz -t`, `zstd -t` ஆகிய கட்டளைகளைச் சுருக்கியவுடனேயே ஓட்டுவது நல்லது.

ஆனால் அந்தச் சோதனை சுருக்கத்தின் நலத்தை மட்டுமே சொல்லும், கட்டின் நலத்தைச் சொல்லாது. வட்டு படிக்க இயலாமலோ நினைவகம் தீர்ந்தோ tar பாதியில் நின்றுவிட்டால், குழாயின் மறுமுனையில் இருக்கும் சுருக்கு நிரல் தனக்கு வந்தவரை ஒழுங்காகச் சுருக்கி, சரியான தொகையையும் எழுதி முடித்துவிடும். `zstd -t` அதில் குறையே காணாது. இரண்டு வேலைகளையும் தனித்தனியே சோதிப்பது இப்படித்தான்:

```
set -o pipefail
tar -cf - data | zstd -T0 --long=27 > data.tar.zst
zstd -t data.tar.zst
zstd -dc data.tar.zst | tar -df -
```

முதல் வரி, குழாயில் எந்த நிரல் தோற்றாலும் முழுக் கட்டளையும் தோற்றதாக ஷெல்லை அறிவிக்கச் செய்கிறது. கடைசி வரி, கட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் வட்டில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதை மட்டும் பெயரிட்டுச் சொல்கிறது. பிழை எதுவும் இல்லாவிட்டால் எதையும் அச்சிடாது.