வட்டம்தான், ஆனால் நடுவில் B இல்லை

இந்த வாரம் திருத்திய விடைத்தாள்களிலும் அதே செங்குத்துக் கோடு. பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

A(0,0), B(6,0) இரண்டும் நிலையான புள்ளிகள். PA = 2PB என்றபடி நகரும் P-இன் நியமப்பாதை என்ன? AB-ஐ 2:1 என்று பிரிக்கும் (4,0)-ஐச் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அதன் வழியே நேராக ஒரு குத்துக்கோடு! மையக்குத்துக்கோடு மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் அது விகிதம் 1:1 ஆக இருக்கும்போது மட்டும்தான் பொருந்தும். அந்தக் கோட்டில் (4,3)-ஐ எடுத்துப் பாருங்கள். PA = 5, PB = √13, அதாவது சுமார் 3.6. விகிதம் 1.4-ஐக்கூடத் தொடவில்லை. மேலே போகப் போக இரண்டு தூரங்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், விகிதம் 1-ஐ நெருங்கும். 2 எங்கிருந்து வரும்? விகிதம் குறையாமல் இருக்க P, B இருக்கும் பக்கமாக வளைந்துதான் ஆக வேண்டும்.

எப்படி வளைகிறது? AB-ஐ நீட்டினால் B-க்கு அப்பால் இன்னொரு புள்ளியும் கிடைக்கும்: (12,0). தூரங்கள் 12, 6. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். (4,0)-ஐ C என்றும் (12,0)-ஐ D என்றும் வைத்துக்கொள்வோம். AB வழியே செல்லும் கோட்டில் இல்லாமல் P எங்கிருந்தாலும், PA:PB = AC:CB என்பதால் PC, கோணம் APB-இன் உட்புற இருசமவெட்டி. அதே காரணத்தால் PD வெளிப்புற இருசமவெட்டி. இரண்டு கோணங்களும் சேர்ந்து 180°, அவற்றின் பாதிகள் சேர்ந்து 90°. ஆக, CD எப்போதும் P-இல் செங்கோணம் தாங்குகிறது. P, CD-ஐ விட்டமாகக் கொண்ட வட்டத்தில்தான் இருக்கும். இதுதான் அப்பல்லோனியஸ் வட்டம். மையம் (8,0), ஆரம் 4.

மையத்தை B-இலேயே வைத்துவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மையம் B-ஐத் தாண்டி இருக்கிறது. (8,4)-இல் சோதித்துப் பாருங்கள்: PA² = 80, PB² = 20. வர்க்க விகிதம் 4, தூர விகிதம் 2.

சமன்பாட்டில் செய்பவர்கள் 2-ஐயும் வர்க்கப்படுத்துங்கள்: x² + y² = 4[(x−6)² + y²]. சுருக்கினால் x² + y² − 16x + 48 = 0. x², y² கெழுக்கள் சமம், xy இல்லை, வட்டம். 4-க்குப் பதில் 2 போட்டாலும் ஒரு வட்டமே வந்து தொலைக்கும், (12,0)-ஐ மையமாகக் கொண்டு! அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. முடித்ததும் (4,0)-ஐப் பிரதியிடுங்கள், பத்து விநாடி வேலை. பூச்சியம் வராவிட்டால் வர்க்கத்தை விட்டிருக்கிறீர்கள்.

PA ≥ 2PB என்று கேட்டால் வட்டத்தின் உட்பகுதியும் சேரும். எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்; PB பூச்சியமாகும் B எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கம்.