ஒரே உரம், இரண்டு வாயில்கள்: புகையிலையில் காட்மியமும் பொலோனியமும் சேரும் விதம்

புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சும்போது அதை ஒரு நஞ்சு என்று அறிந்து உறிஞ்சுவதில்லை. அதற்குத் தேவைப்படுவது துத்தநாகமும் இரும்பும்தான். காட்மியம் வேதியியல் குணத்தில் துத்தநாகத்தை ஒத்தது என்பதால், அந்தச் சத்துகளை வேருக்குள் கொண்டுசெல்லும் புரதங்கள் இதையும் சேர்த்தே உள்ளே விடுகின்றன. பெரும்பாலான பயிர்களில் இப்படி நுழைந்த காட்மியத்தின் பெரும்பகுதி வேரிலேயே தேங்கிவிடும். புகையிலையிலோ அது நீர்க்குழாய்த் திசுவில் ஏறி, இலைக்குச் சென்று சேர்கிறது. மனிதன் இச்செடியில் அறுவடை செய்யும் உறுப்பும் அந்த இலையேதான்.

காட்மியம் எல்லா மண்ணிலும் சிறிதளவு உண்டு. அதைக் கூட்டுவது பாஸ்பேட் உரம். கடற்படிவுகளிலிருந்து வெட்டியெடுக்கப்படும் பாஸ்பேட் பாறையில் காட்மியம் கணிசமாக இருக்கும்; ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் கிடைப்பது போன்ற, எரிமலைக்குழம்பு இறுகி உருவான பாறையில் அது மிகக் குறைவு. மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் மண்துகள்களை விட்டுக் கரைந்து வேருக்கு எளிதில் கிடைக்கும். அதே வயலில் சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணித்தால் இலையில் சேரும் அளவு குறையும். ஆயினும் முற்றிலும் நிற்காது.

கதிரியக்கத் தனிமமாகிய பொலோனியத்தின் பாதை வேறு. அதே பாஸ்பேட் பாறையில் யுரேனியமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாப் பாறையில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ நூறு பங்கு யுரேனியம் இருக்கிறது. புவியோட்டின் சராசரியோ மூன்று பங்குக்கும் குறைவு. யுரேனியம் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது, ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயு ஆகிறது. பாறையைக் கந்தக அமிலத்தால் நேரடியாகப் பதப்படுத்திச் செய்யும் சூப்பர் பாஸ்பேட்டில் இந்த ரேடியம் உரத்தோடு வயலுக்கு வந்துவிடுகிறது. பாஸ்பாரிக் அமிலத்தைத் தனியே பிரித்தெடுத்துச் செய்யும் உரங்களில் ரேடியத்தின் பெரும்பகுதி ஜிப்சக் கழிவோடு போய்விடும், காட்மியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு சேர்ந்து உரத்துக்கு வரும். எந்த உரம் இடப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு தொல்லை குறைந்து மற்றொன்று தங்கிவிடும் என்பதை உரம் பற்றிய பேச்சில் அநேகமாக யாரும் குறிப்பிடுவதில்லை.

மண்ணிலிருந்து கசியும் ரேடானின் அரை ஆயுட்காலம், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ நான்கு நாள்களே. அது சிதைந்து, சில நிமிடங்கள் மட்டுமே நிலைக்கும் சில தனிமங்களைக் கடந்து, ஈயம்-210 ஆகிறது. திடப்பொருளாகிய இது காற்றிலுள்ள நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு இலைகளின் மேல் படிகிறது. புகையிலை இலையின் இரு பக்கங்களிலும் பிசுபிசுப்பான திரவம் சுரக்கும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அகன்ற அந்த இலை, ஒட்டும் தாளைப் போல, வளரும் காலம் முழுவதும் இத்துகள்களைச் சேர்த்து வைக்கிறது. இந்த மயிர்களின் பங்கை 1970-களில் எட்வர்ட் மார்டெல் என்னும் அமெரிக்க வேதியியலாளர் வலியுறுத்தினார். ஈயம்-210 வேர் வழியாகவும் ஓரளவு ஏறுகிறது. ஆகவே உரத்தை மாற்றினாலும், பொதுவான காற்றில் இயல்பாகவே உள்ள ரேடான் காரணமாக இலை முற்றிலும் தூய்மையாகிவிடாது.

ஈயம்-210 இலைக்குள் மெதுவாகச் சிதைந்து, பிஸ்மத் வழியாக, பொலோனியம்-210 ஆகிறது. பொலோனியத்தின் அரை ஆயுட்காலம் 138 நாள்கள் என்பதால், பறித்த இலையை ஓரிரு ஆண்டுகள் கிடங்கில் வைத்திருந்தால் அது தானே அழிந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறானது. அதற்குத் தாயாகிய ஈயம்-210இன் அரை ஆயுட்காலம் 22 ஆண்டுகள். எனவே இழப்பதைவிட அதிகமாகப் பொலோனியம் பிறந்துகொண்டே இருக்கும். பறிக்கும்போது இலையில் பொலோனியமே இல்லை என்று கொண்டாலும், 138 நாளில் அது தன் உச்ச அளவின் பாதியை எட்டும். இரண்டு ஆண்டில் கிட்டத்தட்ட முழுவதையும் எட்டிவிடும். பக்குவத்துக்காக இலையைப் பழுக்க வைக்கும் காலம் பொலோனியமும் வளரும் காலமாகிறது.

இலையை மென்றால் நேரும் தீங்குகள் வேறு. இந்த இரண்டு தனிமங்களையும் நுரையீரலுக்குள் செலுத்துவது நெருப்பு. புகையை இழுக்கும்போது சிகரெட் நுனியின் வெப்பம் 900 பாகை செல்சியசை எட்டக்கூடும். காட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். பொலோனியச் சேர்மங்கள் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆவிகள் குளிர்ந்து புகையின் மிக நுண்ணிய துகள்களில் படிகின்றன. வடிகட்டி ஒரு பகுதியைப் பிடித்தாலும் எஞ்சியது உள்ளே செல்கிறது. பொலோனியம் சிகரெட்டிலுள்ள, ஆவியாகும் கதிரியக்கத் தனிமம் என்பதை 1964 ஜனவரியில் எட்வர்ட் ராட்ஃபோர்டும் வில்மா ஹண்டும் தம் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினர். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் அவர்கள் செய்த அளவீடுகளிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி விரிந்தது.

பொலோனியம் உமிழும் ஆல்ஃபா துகள் உடல் திசுவில் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர், அதாவது சில செல்களின் அகலம் மட்டுமே பாயும். தோலின் இறந்த மேலடுக்கே அதைத் தடுத்துவிடும் என்பதால் வெளியிலிருந்து அது தீங்கற்றது. மூச்சுக்குழாய்ச் சுவரிலோ அதன் ஆற்றல் முழுவதும் அந்தச் சில செல்களிலேயே கொட்டப்படுகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவைகளில் காற்று திரும்பும்போது துகள்கள் மோதிப் படியும். புகைப்பவர்களின் நுரையீரலில் இக்கவைகளில்தான் பொலோனியம் குவிந்திருந்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் புகையால் செயலிழந்தால், சளியோடு அதை மேலே தள்ளி வெளியேற்றும் வேலையும் தடைப்படும். நுரையீரல் புற்றுநோயில் பொலோனியத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புகையிலுள்ள மற்ற நச்சு வேதிப்பொருள்களின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

காட்மியத்தின் கணக்கு ஒப்பீட்டளவில் தெளிவானது. ஒரு சிகரெட்டில் வழக்கமாக 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கும். புகைப்பவர் இழுக்கும் புகையில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரும். மீதி சாம்பலிலும் வடிகட்டியிலும், சுற்றியிருப்போர் சுவாசிக்கும் பக்கவாட்டுப் புகையிலும் பிரிந்து போகும். நாளுக்கு 20 சிகரெட் என்றால் மூச்சில் செல்வது 2 முதல் 4 மைக்ரோகிராம். நுரையீரல் அதில் சுமார் பாதியை இரத்தத்துக்குள் விடுவதால் 1 முதல் 2 மைக்ரோகிராம் சேர்கிறது. உணவின் வழியாக நாள்தோறும் 10 முதல் 20 மைக்ரோகிராம் உட்கொள்பவரின் குடலோ ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கையே உறிஞ்சும். அது அரை முதல் ஒரு மைக்ரோகிராம். உணவில் வருவதைவிடப் பல மடங்கு குறைவாகத் தோன்றும் புகையின் காட்மியம், உடலில் தங்குவதில் உணவை மிஞ்சிவிடுகிறது.

தங்கிய காட்மியம் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களில் ஒரு புரதத்தோடு பிணைந்து சேர்கிறது. அங்கே அதன் அரை ஆயுட்காலம் 10 முதல் 30 ஆண்டுகள். இரத்தத்தில் உள்ள காட்மியம் அண்மையில் உள்ளே வந்ததையே பெரிதும் காட்டும். புகைப்பதை நிறுத்தியபின் அது குறையத் தொடங்கும். சிறுநீரில் வெளியேறும் காட்மியம் சிறுநீரகத்தில் தேங்கியுள்ளதைக் காட்டும், அது விரைவில் குறையாது. சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் சிறு புரதம் மிகுந்து வரத் தொடங்கினால், அதை மீட்டு உள்ளிழுக்க வேண்டிய நுண்குழல் செல்கள் பழுதடைந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். அந்நிலையில் நோயாளி எந்த வலியையும் உணர்ந்திருக்க மாட்டார்.