பால் விட்டதும் திரைந்த சூப்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் சமையலறைகளில் பல வருடம் நின்றவன் நான். புதிதாக வரும் பையன்கள் அடிக்கடி வைக்கும் சூப் கிரீம் சூப்தான். கரட்டை அவித்து, அரைத்து, கடைசியில் பாலை ஊற்றினால் முடிந்தது என்று நினைப்பார்கள். அதில் ஒரு தக்காளி சேர்ந்துவிட்டால் விஷயம் வேறு.

ஒரு மாலை பதினான்கு பேருக்கு கரட் தக்காளி சூப் கேட்டிருந்தார்கள். ஒரு கிலோ கரட், முக்கால் கிலோ தக்காளி, இரண்டு வெங்காயம். தம்பி நன்றாக அவித்து அரைத்து வடித்துவிட்டான். நிறமும் பிடித்துவிட்டது. அப்புறம் சூப் தளதளவென்று கொதிக்கும்போதே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை முக்கால் லீட்டர் ஒரேயடியாக ஊற்றினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அகப்பையின் முதுகில் வெள்ளை ரவை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணா, பால் பழசு போல” என்றான்.

மிச்சப் பாலை ஒரு சின்னச் சட்டியில் கொதிக்க வைத்துக் காட்டினேன். பொங்கி வந்தது, திரையவில்லை. பால் கெட்டதா என்று பார்க்க இதைவிட இலகுவான வழி இல்லை. நம் ஊர் வெயிலில் பால் கொஞ்சம் புளிக்கத் தொடங்கியிருந்தாலும் மணத்தில் தெரியாது, ஆனால் கொதியில் தெரிந்துவிடும். ஆகவே குற்றம் பாலில் இல்லை. தக்காளியிலும், பாலை விட்ட முறையிலும் இருந்தது.

பாலில் கேசின் என்ற புரதம் மிகச் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகளின் மேல் மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். புளிப்பு சேர்ந்தால் அந்த ஏற்றம் குறைகிறது, தள்ளும் சக்தி போகிறது, உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. பாலின் pH சுமார் 6.7. அறை வெப்பத்தில் அது 4.6 அளவுக்கு இறங்கினால்தான் கேசின் முழுதாகத் திரளும். ஆனால் பால் சூடாக இருந்தால் அவ்வளவு புளிப்புத் தேவையில்லை, அதற்கு முன்பே திரளத் தொடங்கிவிடும். தக்காளியின் pH 4.5-க்கு அண்மையில் இருக்கும். கொதிக்கும் தக்காளிச் சாறில் ஊற்றிய பாலுக்கு என்ன நடக்கும் என்று இனிச் சொல்லத் தேவையில்லை. சட்டித் தயிர் உறைவதும் இதே வேலைதான். அங்கே அது இளஞ்சூட்டில் ஆறுதலாக நடப்பதால் வழுவழுப்பாக உறைகிறது, இங்கே அவசரத்தில் நடப்பதால் ரவையாகிறது.

தம்பி ஒரு வாதம் வைத்தான். “வீட்டில் முதற்பால் விட்டால் அம்மா கொதிக்க விடமாட்டா. அப்படி இதையும் கொதிக்க விடாமல் செய்தால் சரிதானே?” பாதிச் சரி. தேங்காய்ப்பால் கொதித்தால் அதன் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அது கொழுப்பு சம்பந்தப்பட்ட கதை. மாட்டுப்பால் திரைவது புரதத்தின் கதை. புளிப்பு கூடுதலாக இருந்தால் கொதிக்காத சூட்டிலும் திரையும். மேலே மஞ்சள் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் கொழுப்புப் பிரிந்திருக்கிறது. கரண்டியில் வெள்ளைத் துகள்களும் அவற்றுக்கிடையே நீர்ப்பும் தெரிந்தால் புரதம் திரண்டிருக்கிறது.

அந்தச் சூப்பை மீண்டும் பிளெண்டரில் போட்டு வடித்தோம். பார்க்க ஒழுங்காக வந்துவிட்டது, நாக்கில் மணல் போல இருந்தது. பிளெண்டர் துகளைச் சிறிதாக்கும், ஒட்டியதைப் பிரிக்காது. பால் நல்ல பால்தான் என்பதால் சாப்பிடுவதில் பயமில்லை, நாங்களே குடித்தோம். மேசைக்கு அனுப்பவில்லை.

நல்லகாலம், கரட்டும் தக்காளியும் மிச்சம் இருந்தன. இரண்டாம் முறை பாலைத் தனியாகச் செய்தோம். அறுபது கிராம் பட்டரை மெல்லிய தீயில் உருக்கி, அறுபது கிராம் கோதுமை மாவைப் போட்டு, பச்சை வாசம் போகும்வரை, நிறம் மாறாமல், இரண்டு நிமிடம் வறுத்தோம். அதில் ஒரு லீட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, கொதி வந்த பிறகு இன்னும் மூன்று நிமிடம் கிண்டினோம். இதுதான் வைட் சோஸ். இந்தக் கொதியை விடக்கூடாது. மா வெந்து வீங்கினால்தான் அது கேசின் உருண்டைகளுக்கிடையில் நின்று அவற்றை நெருங்கவிடாமல் தடுக்கும். வேகாத மா சூப்பைத் தடிப்பாக்காது, காவலும் நிற்காது.

மரக்கறி அரைத்த கூழை, இன்னொரு சட்டியில், கொதி அடங்கிய சூட்டில் வைத்திருந்தோம். அதிலிருந்து ஓர் அகப்பையை எடுத்து வைட் சோஸில் விட்டுக் கலக்கினோம். அப்புறம் இன்னோர் அகப்பை. சோஸ் புளிப்புக்குப் பழகிய பிறகுதான் முழுவதையும் ஒன்றாக்கினோம். புளிப்பைப் பாலுக்குள் சிறிது சிறிதாக விடவேண்டும், பாலைப் புளிப்புக்குள் கொட்டக்கூடாது. சேர்ந்தபின் மெல்லிய தீயில் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கி, உப்பும் மிளகும் கடைசியில் பார்த்தோம். துகள் ஒன்றுமில்லை.

தக்காளி மிகப் புளிப்பாக இருந்தால் பாலில் சேருமுன் கூழில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போடலாம். நுரைத்து வரும், அடங்கியபின் பாருங்கள். நான் இதை அதிகம் விரும்புவதில்லை. அளவு கூடினால் சவர்க்காரச் சுவை வந்துவிடும், தக்காளியின் உசாரும் போய்விடும்.

கிரீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரீம் என்று எழுதியிருந்தால் திரையாது என்று நம்ப வேண்டாம், பெட்டியில் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 35 சதவீதத்துக்கு மேல் என்றால், அதில் கொழுப்பு அதிகம், கேசின் குறைவு. அது கொதியையும் ஓரளவு தாங்கும். 20 சதவீதத்துக்கு அண்மையில் உள்ள மெல்லிய கிரீம் கிட்டத்தட்டப் பால் போலத்தான். அதைத் தீயை அணைத்த பின், வைட் சோஸோடு வைத்த சூப்பில் மேலால் விடுவது பாதுகாப்பு. தடித்த கிரீம் என்றால் சூப்பின் ஓர் அகப்பையை அதில் விட்டுச் சூடாக்கிவிட்டுச் சட்டியில் சேர்த்தால் போதும், மா இல்லாமலும் நிற்கும். தக்காளி இல்லாத பூசணி, கரட், லீக்ஸ் சூப்களுக்கு இவ்வளவு கவனம் வேண்டாம், மெதுவாகச் சூடாக்கிய பால் மட்டுமே போதும்.

பஃபேயில் வைக்கும்போது நேரடித் தீயில் வைக்காதீர்கள், சுடுநீர்த் தட்டில் வைத்து 65 பாகைக்குக் கிட்ட நிறுத்துங்கள். அதைவிடக் குறைந்தால் கிருமிகளுக்கு இடம் கொடுக்கும், கொதிக்க விட்டால் இரண்டு மணி நேரத்தில் அடியில் பிடித்துத் திரைந்திருக்கும். மறுநாளைக்கு வைப்பதென்றால் பால் சேர்க்காத கூழாகவே குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். பாலை அன்றன்றைக்குச் செய்துகொள்ளலாம்.

அன்று பதினான்கு கோப்பைகளும் மேசைக்குப் போனபின் ஒருவர் தேசிக்காய் கேட்டார். நம் ஆட்கள் சூப்பில் பிழிவார்கள், அதைத் தடுக்க முடியாது. பாதி தேசிக்காயைத் தட்டின் ஓரத்தில் வைத்து அனுப்பச் சொன்னேன். சட்டியில் பிழிய வேண்டாம் என்றேன். அவர் தன் கோப்பைக்குள் பிழிந்து கலக்கிக் குடிப்பதைத் தம்பி கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, “அண்ணா, கொஞ்சம்கூடத் திரையவில்லை” என்றான். கோப்பையில் இருந்தது ஆறிய சூப், மாவும் இருந்தது, விழுந்ததும் நாலு சொட்டுத்தான்.