எலும்போரத்துச் சிவப்பும் 74 பாகையும்

எயார் பிரையரில் பொன்னிறமாகப் பொரிந்த கோழிக்காலைக் கடிக்கும்போது எலும்போரத்தில் சிவப்புத் தெரிந்தால், இது இன்னும் அவியவில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைப்பது வன்னி வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால், கோழி அவிந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. கடையில் வாங்கும் புரொய்லர் கோழி ஏறத்தாழ ஆறு கிழமை வயதிலேயே இறைச்சியாகிவிடுகிறது. அந்த வயதில் எலும்பு முழுமையாக இறுகியிருக்காது என்பதால், மச்சையிலுள்ள நிறப்பொருள், குறிப்பாக உறைய வைத்து உருக்கிய கால்களில், எலும்பைக் கடந்து தசைக்குள் கசிகிறது. இறைச்சி 80 பாகையைத் தாண்டிய பின்னரும் அந்தச் சிவப்பு மறையாதிருக்கலாம். இதற்கு எதிரானதும் நடக்கும்: போதிய சூடு ஏறுவதற்கு முன்னரே இறைச்சி வெளிறிவிடுவதும் உண்டு. எனக்கு இதுவே கூடுதல் கவலை தருகிறது.

நம்பத்தக்க அளவு ஒன்றுதான்: தசையின் மிகத் தடித்த இடத்தில் 74 பாகை செல்சியஸ். கோழியிலிருந்து நமக்குத் தொற்றக்கூடிய சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் ஆகிய பற்றீரியாக்கள் அந்த வெப்பநிலையில் கணப்பொழுதில் அழிகின்றன. காலைப் பொறுத்தவரை 80 முதல் 85 பாகை வரை விடுவதே சிறந்தது என்பேன். காலில் தசைகளைப் பிணைத்துவைக்கும் இணைப்பிழையம் அதிகம். அது கரைந்து இளகுவதற்குக் கூடுதல் சூடும் சற்று நேரமும் வேண்டும். 74இல் எடுத்த கால் பாதுகாப்பானதே, ஆனால் சவ்வு சவ்வாக இருக்கும். நெஞ்சிறைச்சியைப் போல அது எளிதில் வறண்டுபோவதில்லை.

எயார் பிரையரில் மேலேயுள்ள சூடேற்றும் சுருளின் வெப்பத்தை விசிறி கூடைக்குள் வேகமாகச் சுழற்றுகிறது. தோலில் ஈரம் இருக்கும்வரை, வந்து சேரும் வெப்பத்தின் பெரும்பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அதனால் வெளியே 190 பாகை காற்று வீசினாலும் தோல் ஏறத்தாழ 100 பாகையைக் கடப்பதில்லை. ஈரம் போன பின்னரே அது சிவந்து மொறுமொறுப்பாகும். ஆகவே கால்களைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கவும் கூடாது. தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் காற்று நுழையாமல் ஆவி தங்கிவிடும். கூடையைக் குலுக்குவது அந்த மறைந்த பக்கங்களை வெளியே கொண்டுவருவதற்காகத்தான்.

தலா 110 கிராம் அளவான ஆறு கால்களை எடுத்துக்கொள்வோம். உப்பும் மஞ்சளும் சிறிது எண்ணெயும் பூசி, முன்கூட்டியே சூடாக்கிய கூடையில் 190 பாகையில் வைக்கிறோம். பத்தாவது நிமிடத்துக்கு முன் தொடாதிருப்பது நல்லது. அதற்குள் புரட்டினால் கூடையில் ஒட்டிய தோல் கிழிந்துவிடும். கனமான கால்கள் குலுக்கினால் வெறுமனே சறுக்கும் என்பதால் இடுக்கியால் புரட்டுவதே சரி. பதினாறாவது நிமிடத்தில் மீண்டும் புரட்டும்போது, வறுத்திடித்த கறித்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசலாம். ஏற்கெனவே வறுபட்ட தூள் என்பதால் தொடக்கத்திலேயே இட்டால் கருகிக் கசக்கும். இருபதாவது நிமிடத்தில் மிகப் பெரிய காலின் தடித்த பகுதியில் சமையல் வெப்பமானியின் ஊசியைச் செருகுகிறோம். ஊசி எலும்பைத் தொட்டால் அளவு பிழைக்கும். 69 காட்டினால் இன்னும் நான்கைந்து நிமிடம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். செட்டைகளுக்கு 200 பாகையும் ஏறத்தாழ இருபது நிமிடமும் போதும். அவை சிறியவை என்பதால் ஆறேழு நிமிடத்துக்கொரு முறை கூடையை நன்றாகக் குலுக்கினாலே போதும்.

இந்த நிமிடக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சூடேற்றும் சுருளின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால் வலு ஏறத்தாழ முக்காற்பங்காகக் குறையும். மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீட்டில், எல்லாரும் விளக்கேற்றும் மாலை வேளையில் அவ்வாறு மின்னழுத்தம் இறங்கினால், கூடையைத் திறந்து மூடிய பின் உள்ளே சூடு மீள நெடுநேரமாகும். கருவியின் முகப்பில் தெரிவது காற்றுக்குக் குறித்த வெப்பநிலையே. இறைச்சிக்குள் எவ்வளவு சூடு என்பதை அது அறியாது. ஊசி வெப்பமானிதான் இதற்குத் தீர்வு.

முற்றிய ஊர்க்கோழிக்கு இந்த முறை ஒத்துவராது. அதன் இணைப்பிழையம் இறுகியது. உலர்ந்த காற்றில் இளகுவதற்குள் தசை காய்ந்துவிடும். முதலில் உப்பும் மஞ்சளும் இட்டு மூடி அவித்து, இறுதியில் தோலைச் சிவக்கவைக்க மட்டும் எயார் பிரையரில் இடலாம்.

இடையில் மின்சாரம் நின்றுபோனால், வரும்வரை கால்களைக் கூடையில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. பாதி வெந்த இறைச்சி மெல்ல ஆறும்போது, தப்பிப் பிழைத்த பற்றீரியாக்கள் பெருகுவதற்கு வாய்ப்பான இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும். உடனே சட்டிக்கு மாற்றி, காஸ் அடுப்பிலோ விறகடுப்பிலோ சிறிது நீர் விட்டு மூடி, 74 பாகையைத் தாண்டும்வரை அவித்து முடிக்க வேண்டும்.