விமான நிலையத்துக்கு எத்தனை தீயணைப்பு வண்டி வேண்டும்?

ஒரு விமான நிலையத்தில் எத்தனை தீயணைப்பு வண்டிகள் நிற்க வேண்டும் என்பதைப் பயணிகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அங்கே வந்துபோகும் விமானங்களின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்துத்தான் கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அனெக்ஸ் 14 இதற்கு 1 முதல் 10 வரை பிரிவுகள் வகுத்திருக்கிறது. 5 வரை ஒரு வண்டி, 6, 7 என்றால் இரண்டு, 8 முதல் 10 வரை மூன்று. இது குறைந்தபட்சம்தான்.

முதலில் நீளத்தைப் பார்ப்பார்கள். ஏர்பஸ் ஏ320 சுமார் 37.6 மீட்டர், அதனால் பிரிவு 6. போயிங் 737-800 கிட்டத்தட்ட அதே அளவு பயணிகளை ஏற்றினாலும் நீளம் சுமார் 39.5 மீட்டர். 39-ஐத் தொட்டாலே பிரிவு 7. வண்டி இரண்டுக்கும் இரண்டுதான், ஆனால் தீயணைக்கும் திறனில் பி நிலை என்று தரம் பிரிக்கப்பட்ட வழக்கமான நுரைக்குத் தேவைப்படும் தண்ணீர் 7,900 லிட்டரிலிருந்து 12,100 லிட்டராகிவிடுகிறது. வண்டிகளை மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது.

அப்புறம் அகலம். ஏ380-இன் நீளம் சுமார் 72.7 மீட்டர், அது பிரிவு 9-க்குள் அடங்கும். ஆனால் அந்தப் பிரிவுக்கு அகல வரம்பு 7 மீட்டர். இதன் உடல் அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் ஒரு படி ஏறிப் பிரிவு 10 ஆகிறது.

ஒரு சலுகையும் உண்டு. மிகப்பெரிய பிரிவு விமானங்கள் எப்போதாவதுதான் வருகின்றன என்றால், அதாவது அதிகப் பரபரப்பான தொடர் 3 மாதங்களில் அவற்றின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 700-க்குக் குறைவு என்றால், நிலையம் ஒரு பிரிவு குறைவாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, வண்டி எவ்வளவு வேகமாக வர வேண்டும்? ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் 3 நிமிடத்துக்குள். 2 நிமிடமே பரிந்துரை. முதல் அழைப்பு வந்த நொடியில் கணக்கு தொடங்கும். முதல் வண்டி வந்து நின்றால் மட்டும் போதாது. அந்தப் பிரிவுக்குரிய நுரை வீச்சில் பாதியையாவது அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். பிரிவு 7-க்கு, பி நிலையில், நிமிடத்துக்கு 5,300 லிட்டர் என்பதால் பாதி 2,650. சிறிய வண்டியை முன்னால் ஓடவிட்டு நேரத்தைக் காட்டுவது இங்கே பலிக்காது. ஆனால் இந்த நேரம் நல்ல பார்வைத் தெளிவும் நல்ல சாலையும் இருக்கும்போது எட்ட வேண்டியது. மூடுபனியில் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

நுரையின் வேலை எரிபொருளின் மேல் பரவி ஆவி எழாமல் மூடுவது. தண்ணீரில் கலப்பதற்காக வண்டியில் இருக்கும் நுரைச்செறிவு, தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை நிரப்பினாலும் போதுமானதாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழலில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களால் பழைய ஏஎஃப்எஃப்எஃப் நுரையைப் பல இடங்களில் கைவிடுகிறார்கள். மாற்று நுரை எரிபொருளின் மேல் மெல்லிய படலம் விரிக்காது, நுரைப்போர்வை மட்டுமே காக்கும். அதனால் அடிக்கும் விதம் முக்கியம்.

வண்டி ஒன்று பழுதானால் பிரிவு இறங்கிவிடலாம். அதை நிலையம் நோட்டாம் என்ற அறிவிப்பில் விமானிகளுக்குச் சொல்லியாக வேண்டும்.