மூடிய அமர்வின் மினிட்ஸ்: பெயரை மறைத்தும் ஆள் தெரிந்துவிடுவது ஏன்?

வெளியாட்களை அனுப்பிவிட்டு உறுப்பினர்கள் மட்டும் பேசும் மூடிய அமர்வு தொடங்கியதும், மினிட்ஸ் எனும் கூட்டக் குறிப்பை எழுதும் என்னிடம் குழுத் தலைவர்கள் வழக்கமாகச் சொல்வது, "இதுக்கெல்லாம் மினிட்ஸ் வேண்டாம், பேனாவை வைத்துவிடுங்கள்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுதாமல் விட்டால் ஓராண்டு கழித்து, அந்த முடிவை யார் எடுத்தார்கள், முடிவெடுக்கத் தேவையான அளவு உறுப்பினர்கள் இருந்தார்களா என்று கேள்வி வரும்போது காட்ட ஒரு வரிகூட இருக்காது. முடிவு செல்லுமா என்பதே வழக்காகிவிடும்.

எழுதத்தான் வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். எல்லோரும் பார்க்கக்கூடிய மினிட்ஸில் நடைமுறை மட்டும் முழுதாக இருக்கட்டும். விஷயம் தனி இரகசியக் குறிப்பேட்டுக்குப் போகட்டும். சொல்ல எளிது. ஆனால் கசிவு பெரும்பாலும் உள்ளடக்கத்தில் நடப்பதில்லை, ஓரங்களில் நடக்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு. பொருள் 6, கணக்குப் பிரிவுத் தலைவர் மீதான புகார். அனுபவமில்லாத செயலாளர் தலைப்பையே அப்படி எழுதிவிடுவார். கொஞ்சம் விவரமானவர் "ஊழியர் ஒருவர் மீதான புகார்" என்று மாற்றுவார். சரி, பெயர் போய்விட்டது. ஆனால் நாலு வரி தள்ளி, "கணக்குப் பிரிவுத் தலைவர் 5:10 மணிக்கு வெளியேறி 6:05க்குத் திரும்பினார்" என்று இருக்கும். மற்ற அலுவலர்கள் அறையிலேயே இருந்திருப்பார்கள். படிப்பவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இதை எழுத்தில் சரிசெய்ய முடியாது, கூட்டத்திலேயே செய்ய வேண்டும். உறுப்பினரல்லாத எல்லோரையும் ஒன்றாக வெளியே அனுப்பச் சொல்லிக் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவேன். அப்புறம் திறந்த மினிட்ஸ் இப்படி அமையும்:

"மாலை 5:10. பொருள் 6 பணியாளர் சார்ந்தது என்பதால் மூடிய அமர்வுக்குச் செல்லத் தீர்மானிக்கப்பட்டது. (முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள்.) ஆதரவு 8, எதிர்ப்பு 1. உறுப்பினர்களும் குறிப்பெடுக்கச் செயலாளரும் தவிர அனைவரும் வெளியேறினர். 6:05க்குத் திறந்த அமர்வு தொடர்ந்தது. மூடிய அமர்வில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இரகசியக் குறிப்பேட்டில் எண் இ-4."

யார் மூடினார்கள், எந்த வகைக் காரணம், எவ்வளவு நேரம், முடிவு உண்டா, அது எங்கே இருக்கிறது என்று எல்லாம் இதில் இருக்கிறது. ஆளும் இல்லை, புகாரும் இல்லை. அந்த எண் முக்கியம். பின்னால் தணிக்கையாளரோ நீதிமன்றமோ கேட்டால், பதிவு அன்றே எழுதப்பட்டதற்கான பிடி அதுதான்.

இ-4இல் என்ன எழுதுவது? தீர்மானத்தின் சொற்கள் அப்படியே, வாக்கு எண்ணிக்கை, பார்வைக்கு வைத்த ஆவணங்களின் தேதி, நிறைவேற்ற வேண்டியவர் யார், யாருக்கு மட்டும் தெரிவிக்கலாம் என்பது. யார் கோபப்பட்டார், யார் என்ன சொன்னார் என்பது இங்கேயும் வேண்டாம். இந்தக் குறிப்பேட்டையும் ஒருநாள் நீதிமன்றம் கேட்கலாம். வழக்கறிஞரின் ஆலோசனை என்றால் இன்னும் கவனம். "இன்ன தேதியிட்ட சட்டக் கருத்து பரிசீலிக்கப்பட்டது" என்பதோடு நிறுத்திவிடுங்கள். அதைச் சுருக்கி எழுதிச் சுற்றுக்கு விட்டால் அந்தக் கருத்துக்கு இருக்கும் இரகசியப் பாதுகாப்பே போய்விடக்கூடும்.

அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெறும்போதும் ஒரு பள்ளம் உண்டு. திறந்த அமர்வில் யாராவது "இ-4இல் தொகை தப்பா இருக்கே" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. மூடிய அமர்வின் குறிப்பை மூடிய அமர்வில்தான் வாசித்து ஒப்புதல் தர வேண்டும். பல அமைப்புகள் பின்பற்றும் ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை நூலும் அப்படித்தான் சொல்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும், பொருளாளரின் மாத அறிக்கையில் "பணிவிலகல் இழப்பீடு" என்று தனி வரி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடும். இணைப்புக் கோப்பின் பெயரும் அப்படித்தான். பொருள் நிரலோடு போகும் கோப்பைத் திறக்காமலே அதன் பெயரை எல்லோரும் படிப்பார்கள். இணையவழிக் கூட்டம் என்றால் பதிவும் தானியங்கி எழுத்துப்படியும் நிறுத்தப்பட்டதா என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

ஒவ்வொரு இரகசியப் பதிவிலும் மறுபரிசீலனைத் தேதி ஒன்றையும் எழுதி வையுங்கள். நிலம் வாங்கும் பேச்சுவார்த்தை என்றால் பத்திரம் பதிவானதும் மூடிவைக்கக் காரணம் இருக்காது, தீர்மானத்தைத் திறந்துவிடலாம். ஊழியர் மீதான புகார் அப்படியல்ல. அவர் வேலையைவிட்டுப் போன பின்பும் அது மூடியே இருக்க வேண்டியிருக்கும்.