ஒரே பில், இரண்டு எண்: பணம் போகும் முன் பிடிப்பது எப்படி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அலுவலகங்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் போனதென்றால் எல்லாருக்கும் முதலில் வருவது திருட்டுச் சந்தேகம்தான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் திருட்டு கிடையாது. ஒரே தாள் இரண்டு வழியாக ஆபிஸுக்குள் வந்திருக்கும், இரண்டு பேர் அதை இரண்டு விதமாகத் தட்டியிருப்பார்கள்.

கணக்கு மென்பொருள் எச்சரிக்குமே என்று கேட்பீர்கள். எச்சரிக்கும். ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் அதே சப்ளையர் குறியீட்டில் அதே எண் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒரு கோடு, ஓர் இடைவெளி, முன்னால் ஒரு பூஜ்யம் குறைந்தாலும் அதற்கு அது புதிய பில்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டிராக்டருக்கு ஹைட்ராலிக் பம்ப் ஒன்றை டவுனில் உள்ள உதிரிப்பாகக் கடையில் வாங்கினார்கள். பொருளோடு வந்த இன்வாய்ஸை ஸ்டோர்காரர் ஆபிஸில் கொடுத்தார். கிராணி அதை IV-004517, தேதி மார்ச் 12, தொகை ரி.ம. 2,386.42 என்று பதிந்தார். மாதக் கடைசியில் கடைத் தவுக்கே, இன்னும் பணம் வரவில்லையே என்று அதே இன்வாய்ஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்று ஆபிஸில் இருந்தவர் வேறொருவர். மங்கலான படத்தைப் பார்த்து IV O4517, தேதி மார்ச் 28, தொகை ரி.ம. 2,386.40 என்று தட்டினார். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து O விழுந்துவிட்டது.

தொகை ஏன் மாறியது? கடைகளில் ரொக்கப் பில்லை 5 சென்னுக்குச் சரிக்கட்டும் முறை 2008 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கடையின் பில்லில் கூட்டுத்தொகை ஒரு வரி, 2 சென் கழிவு ஒரு வரி, கடைசித் தொகை ஒரு வரி என்று அச்சாகிறது. ஒருவர் மேலே உள்ளதை எடுத்தார், மற்றவர் கீழே உள்ளதை எடுத்தார். தேதியும் அப்படித்தான்: ஒருவர் இன்வாய்ஸ் தேதியைப் போட்டார், மற்றவர் கையில் கிடைத்த தேதியைப் போட்டார். ஆக எண், தேதி, தொகை மூன்றுமே ஒத்துப்போகவில்லை. முதல் பதிவுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் பணம் போய்விட்டது. இரண்டாவது ஏப்ரல் நடுவில் போக வேண்டிய பட்டியலில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, சிஸ்டம் ஒண்ணும் சொல்லலையே” என்றார் கிராணி. அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது கஷ்டம். எக்செல்லில் ஒரு சல்லடை போட்டால் பிடிபடும்.

பணம் கட்டும் பட்டியலை மட்டும் எடுத்தால் போதாது. கடந்த 12 மாதங்களில் கட்டி முடித்தவற்றையும் அதே தாளில் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் ஜோடியில் ஒன்று பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். A பத்தியில் சப்ளையர் குறியீட்டுக்குப் பதில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைப் போடுங்கள். அப்பா பெயரில் ஒரு கடைப் பதிவு, மகன் பெயரில் ஒரு கம்பெனி என்று ஒரே கடை இரண்டு குறியீட்டில் இருப்பது நம் ஊர்ப்பக்கம் சாதாரணம். பணம் போய்ச் சேரும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். B-யில் இன்வாய்ஸ் எண், C-யில் தொகை, D-யில் தேதி. A, B இரண்டையும் தரவு இறக்குவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் எக்செல் முன்பூஜ்யங்களைத் தின்றுவிடும், 3-12 போன்ற எண்ணைத் தேதியாகவும் மாற்றிவிடும்.

E2-இல் எண்ணைச் சுத்தம் செய்யும் சூத்திரம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(B2),"-",""),"/","")," ",""),"O",""),"0","")
```

கோடு, சாய்கோடு, இடைவெளி மூன்றும் போகின்றன. அப்புறம் எழுத்து O-வையும் பூஜ்யத்தையும் ஒன்றாக மாற்றாமல் இரண்டையுமே தூக்கிவிடுகிறோம். முன்பூஜ்யம் எத்தனை என்ற சிக்கலும், O-வா பூஜ்யமா என்ற சிக்கலும் ஒரே அடியில் தீர்கின்றன. நம் பம்ப் பில்லின் இரண்டு வடிவமும் IV4517 ஆகிவிடும்.

F2-இல் வங்கிக் கணக்கு, சுத்தம் செய்த எண், தொகை மூன்றையும் ஒட்டுகிறோம், G2-இல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம்:

```
=A2&"|"&E2&"|"&ROUND(C2*20,0)
=COUNTIF(F:F,F2)
```

20-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குவது தொகையை 5 சென்னுக்குச் சரிக்கட்டத்தான். 2,386.42-ம் 2,386.40-ம் இரண்டுமே 47728 ஆகின்றன. G-யில் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வரியை நிறுத்தி வைத்துப் பாருங்கள். தேதியை நான் வேண்டுமென்றே இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இந்தச் சல்லடையில் தப்புவதும் உண்டு. 4517-ஐ 4571 என்று மாற்றித் தட்டினாலோ, IV-யை விட்டுவிட்டு வெறும் 4517 என்று பதிந்தாலோ இது பிடிக்காது. எண் கிட்டத்தட்ட ஒத்திருந்தாலே சந்தேகப்படலாமா என்றால், அது வேலைக்கு ஆகாது. அடுத்த பில்லே 4518தான், ஒரே கடையின் பில்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று நெருக்கமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாவது சுற்றில் எண்ணை அடியோடு விட்டுவிட்டு, வங்கிக் கணக்கும் சரிக்கட்டிய தொகையும் ஒத்திருப்பவற்றை மட்டும் எடுக்கிறேன். இதில் மாத வாடகை, பாதுகாவலர் கட்டணம் போன்ற நியாயமான பில்களும் வந்து விழும். அவற்றை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது கையால் பார்க்கக்கூடிய அளவுதான்.

முதல் சல்லடையும் சில நேரம் வீண் சந்தேகம் கிளப்பும். பூஜ்யங்களைத் தூக்கிவிட்டதால் 7701-ம் 7710-ம் ஒரே 771 ஆகிவிடுகின்றன. டீசல் லாரி ஒவ்வொரு முறையும் அதே லிட்டர் இறக்கி, விலையும் மாறாமல் இருந்தால் தொகையும் ஒன்றாகிவிடும். அங்கே இரண்டு பில்லும் உண்மையானவை. கணினி சொல்வது சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதம் டெலிவரி ஆர்டர். பொருள் எத்தனை முறை வாசலுக்குள் வந்ததோ அத்தனை டி.ஓ. இருக்கும். பம்ப் விஷயத்தில் இரண்டு இன்வாய்ஸிலும் ஒரே டி.ஓ. எண், ஸ்டோர் வரவுப் புத்தகத்தில் ஒரே பம்ப். கடை அனுப்பிய மாத ஸ்டேட்மெண்டிலும் அந்தத் தொகைக்கு ஒரே வரி. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் இரண்டாவது பதிவை ரத்து செய்தோம். அழிக்கவில்லை. முதல் பதிவின் எண்ணைக் காரணமாகக் குறித்து ரத்து செய்தோம், தணிக்கையில் கேள்வி வந்தால் காட்டுவதற்கு.

2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக வரும் இ-இன்வாய்ஸில், வருமான வரி வாரியம் சரிபார்த்த ஒவ்வொன்றுக்கும் 26 எழுத்து கொண்ட தனி அடையாள எண் இருக்கிறது. அதை ஒட்டிப் பதிந்து வைத்தால் ஒரே இ-இன்வாய்ஸ் இருமுறை நுழைவது நிற்கும். கையால் தட்ட வேண்டாம், கோப்பிலிருந்து நகலெடுங்கள். ஆனால் சின்னக் கடைகள் பல இன்னும் பழைய தாள் பில்தான் தருகின்றன. இ-இன்வாய்ஸ் தரும் கடையும் பொருளோடு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு இ-இன்வாய்ஸை மின்னஞ்சலில் அனுப்புகிறது. தாளில் அந்த 26 எழுத்து கிடையாது. அதனால் கடையின் சொந்த இன்வாய்ஸ் எண்ணையும் பதியச் சொல்லுங்கள், அச்சில் உள்ளபடியே. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை அச்செடுத்தால் அதன் மேல் முதலில் ‘நகல்’ என்று முத்திரை குத்தட்டும். டி.ஓ. இணைக்காத எந்தத் தாளும் பதிவுக்குப் போகக்கூடாது.